கூகுளைத் திட்டுவதை நிறுத்துங்கள், வங்கியில் சீட்டைக் கேளுங்கள்



இது நீளமான பதிவு. யூடியூப் சேனல் வைத்திருக்கும் பிள்ளைகளும், வலைப்பக்கத்தில் விளம்பரம் போட்டு நாலு காசு பார்க்கும் பிள்ளைகளும், அவர்களைப் பெற்றவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை. வெளிநாட்டிலிருந்து மகனோ மருமகனோ பணம் அனுப்பும் வீடுகளுக்கும் இதில் பாதி பொருந்தும்.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விளம்பரப் பணம் தாமதமாக வருவதற்கும், வரும்போது குறைந்து வருவதற்கும் பெரும்பாலும் காரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இல்லை. காரணம் நம் வங்கிக்குள்ளே இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய நாம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருப்பதால் அது அப்படியே நடக்கிறது.

சானமாவிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் இப்போது சேனல் இல்லாத தெரு இல்லை. சிப்காட்டில் ஷிஃப்டு முடித்து வந்து தக்காளிக்கு மருந்தடிப்பதை வீடியோ எடுக்கிறான் ஒருவன். பசுமைக்குடிலில் ரோஜா வெட்டுவதை ஒரு பெண் மூன்று மொழியிலும் பேசிப் போடுகிறாள். கேழ்வரகுக் காட்டில் யானைக் காவலுக்குப் போகிறவன்கூட போனை மரத்தில் கட்டிவிட்டுத்தான் உட்காருகிறான். நல்லதுதான். உழைக்கிறார்கள், சம்பாதிக்கிறார்கள். ஆனால் சம்பாதித்த பணம் கையில் வரும்போது என்ன நடக்கிறது என்று கேட்டால் மூன்று பதில்தான் வருகிறது. "கூகுள்காரன் பிடிச்சிக்கிட்டான் சார்." "அமெரிக்காவுல வரி போட்டுட்டான் சார்." "மேல இருந்து இன்னும் வரலைன்னு பேங்க்ல சொல்றாங்க சார்."

இந்த மூன்றையும் சொன்ன ஒரு மாணவனைக் கூட்டி வைத்து, அவனுடைய ஒரு மாதப் பணத்தை மட்டும் எடுத்து, கடைசி ரூபாய் வரை கணக்குப் பார்த்தோம். ஐந்தாம் வகுப்புச் சதவீதக் கணக்குக்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கணக்கைத்தான் கீழே எழுதுகிறேன். பையன் பெயரும் வங்கியின் பெயரும் வேண்டாம். எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை.

முதலில் பணம் எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதத்தில் சம்பாதித்தது அடுத்த மாதத் தொடக்கத்தில் இறுதி செய்யப்படும். டாலர் கணக்கில் குறைந்தது 100 டாலர் சேர்ந்திருந்தால், அந்த மாதம் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் நடுவில் கூகுள் அனுப்பிவிடும். அனுப்புவது பெரும்பாலும் சிங்கப்பூரில் உள்ள அதன் நிறுவனம். பாஸ்புக்கில் கூகுள் ஏசியா பசிபிக் என்று வருவது அதனால்தான். அனுப்புவது டாலராக. ரூபாயாக மாற்றுவது கூகுள் இல்லை, நம் வங்கி. இதை முதலில் மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டாலர் நோட்டு எதுவும் ஓசூருக்குப் பயணம் செய்து வருவதில்லை. நம் நாட்டு வங்கிகள் பொதுவாக நியூயார்க்கில் உள்ள ஏதாவது ஒரு பெரிய வங்கியில் தங்கள் பெயரில் ஒரு டாலர் கணக்கு வைத்திருக்கும். அதற்கு நாஸ்ட்ரோ கணக்கு என்று பெயர். உங்கள் 118 டாலர் அந்தக் கணக்கில்தான் வரவாகிறது. கூடவே, இது இன்னாருக்கு, இந்தக் கணக்கு எண்ணுக்கு என்று சொல்லும் ஒரு செய்தி ஸ்விஃப்ட் வலையமைப்பில் நம் வங்கிக்கு வருகிறது. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு அந்தச் செய்தியையும் அந்த வரவையும் பொருத்திப் பார்த்து, டாலரைத் தான் வாங்கிக்கொண்டு, அதற்கான ரூபாயை உங்கள் சேமிப்புக் கணக்கில் போடுகிறது. அதாவது உங்கள் டாலரை வாங்குகிற வியாபாரி உங்கள் வங்கிதான். விலை சொல்வதும் அதுவே, எடை போடுவதும் அதுவே, கூலி பிடிப்பதும் அதுவே. ராயக்கோட்டை மண்டியில் தக்காளிப் பெட்டி இறக்கும்போது இதே மாதிரி ஒருவன் மூன்று வேலையையும் செய்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

இப்போது தாமதத்துக்கு வருவோம். அந்த மாணவனுக்குக் கூகுள் பக்கத்தில் 22ஆம் தேதி பணம் அனுப்பியதாகக் காட்டியது. பாஸ்புக்கில் ஏறியது அடுத்த மாதம் 3ஆம் தேதி. நடுவில் நான்கு முறை கிளைக்குப் போனான். நான்கு முறையும் "மேலே இருந்து வரவில்லை" என்றே பதில். பிறகு எழுதிக் கேட்டு, அந்தப் பணத்தின் விவரச் சீட்டை வாங்கிப் பார்த்தால், வங்கியின் நியூயார்க் கணக்கில் 23ஆம் தேதியே வரவாகியிருக்கிறது. 24ஆம் தேதி வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவு, "இந்தப் பணம் எதற்காக வந்தது, நோக்கக் குறியீடு என்ன" என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கணக்குத் தொடங்கியபோது பிரவுசிங் சென்டரில் யாரோ உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல் முகவரி அது. பையன் அதைத் திறந்தே பல வருடம் ஆகிறது. கிளையில் இருந்தவருக்கு இப்படி ஒரு கடிதம் போனதே தெரியாது. அவருடைய திரையில் ரூபாய் வரவு இல்லை, அதனால் "வரவில்லை" என்றார். பொய் சொல்லவில்லை, தேடிப் பார்க்கவும் இல்லை.

கணக்குப் போடுங்கள். சிங்கப்பூரில் கிளம்பி நியூயார்க் வரை போக ஒரு நாள். நம் வங்கிக்குள் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகப் பத்து நாள்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வு வங்கியின் குழு ஒன்று, ஸ்விஃப்ட் வழியாகப் போகும் பணங்களின் நேரத்தை அளந்து 2022 பிப்ரவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேகமான பாதைகளில் பணம் ஐந்து நிமிடத்துக்குள் போய்ச் சேருகிறது, மெதுவான பாதைகளில் இரண்டு நாளுக்கு மேல் ஆகிறது என்றது. அந்தத் தாமதம் பெரும்பாலும் எங்கே நிகழ்கிறது என்றால், பணம் பெறுகிறவரின் வங்கிக்குள் என்றது. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு உள்ள நாடுகளில் இது கூடுதல். ஆகவே "மேலே இருந்து வரவில்லை" என்ற பதிலை இனி ஏற்காதீர்கள். பெரும்பாலும் பணம் மேலே வந்து உட்கார்ந்திருக்கிறது, கீழேதான் இறங்கவில்லை.

நியாயமான தாமதமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமை நம் வங்கிகளுக்கு விடுமுறை. நான்காம் சனி எப்போதும் 22ஆம் தேதிக்கும் 28ஆம் தேதிக்கும் நடுவில்தான் விழும். பணம் வரும் வாரமும் அதுதான். நவம்பரில் நான்காம் வியாழன் அமெரிக்காவில் நன்றி கூறும் நாள், அன்று நியூயார்க் வங்கிகள் மூடியிருக்கும். இதனால் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகலாம். அதற்காக யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள். ஆனால் ஐந்து வேலைநாள் தாண்டியும் வரவில்லை என்றால் அது விடுமுறைத் தாமதம் இல்லை, மேசைத் தாமதம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஸ்விஃப்டில் போகும் ஒவ்வொரு பணத்துக்கும் UETR என்று 36 எழுத்துகள் கொண்ட ஒரு தனி எண் உண்டு. ஸ்பீடு போஸ்டுக்கு எண் இருப்பது போல. பணம் எந்த வங்கியை எப்போது அடைந்தது என்பதை அந்த எண்ணை வைத்து வங்கிக்காரர் பார்க்கலாம். எனவே கிளையில் "பணம் வந்ததா" என்று கேட்காதீர்கள். கூகுள் பக்கத்தில் இருக்கும் பணம் அனுப்பிய ரசீதை அச்செடுத்துக் கொடுத்து, "உங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவில் என் பெயரில் ஏதேனும் வரவு நிலுவையில் இருக்கிறதா, அதன் UETR என்ன, டாலர் எந்தத் தேதியில் வரவானது" என்று எழுதிக் கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

நோக்கக் குறியீடு பற்றி. வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு ரூபாயும் எதற்காக வந்தது என்று ரிசர்வ் வங்கிக்குக் கணக்குச் சொல்லவேண்டியது வங்கியின் கடமை. அதனால் கேட்பது தவறில்லை. விளம்பரச் சேவைக்கான குறியீடு P1007. முதல் முறை பணம் வருவதற்கு முன்பே கிளைக்குப் போய், "இனி இந்த நிறுவனத்திடமிருந்து எனக்கு வரும் பணம் விளம்பர வருமானம், குறியீடு P1007, ரூபாயாக மாற்றி இந்தக் கணக்கில் வரவு வையுங்கள்" என்று நிலையான உத்தரவாக எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். சில வங்கிகள் இதை ஏற்கும். சில வங்கிகள் ஒவ்வொரு முறையும் தனியாகத்தான் தரவேண்டும் என்பார்கள். அப்படியென்றால் மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் சரிசெய்துவிட்டு, 21ஆம் தேதியிலிருந்து தினமும் அஞ்சல் பெட்டியைப் பாருங்கள், குப்பைப் பகுதியையும் சேர்த்து. சொந்தக்காரர் அனுப்பும் குடும்பச் செலவுப் பணத்துக்கான குறியீட்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். வருமானத்தைச் செலவுப் பணம் என்று எழுதிக்கொடுத்தால் பின்னால் வருமான வரிக் கணக்கில் பதில் சொல்ல முடியாமல் நிற்பீர்கள்.

இனி குறைவுக்கு வருவோம். கணக்கு எளிதாக இருக்க, அன்று சந்தை மதிப்பு ஒரு டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வந்தது 118 டாலர். 118 பெருக்கல் 85, ஆக 10,030 ரூபாய். பையன் எதிர்பார்த்தது இது. பாஸ்புக்கில் ஏறியது 9,454 ரூபாய். குறைவு 576 ரூபாய். பாஸ்புக்கில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது, எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று இல்லை. எழுதிக் கேட்டபிறகு கிடைத்த விவரம் இதுதான்.

வங்கி டாலரை வாங்கிய விலை 83 ரூபாய் 50 காசு. அதில் போனது டாலருக்கு ஒன்றரை ரூபாய், மொத்தம் 177 ரூபாய். வெளிநாட்டு வரவைக் கையாண்ட கட்டணம் 200, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36, ஆக 236. அந்நியச் செலாவணி வந்ததற்கான சான்று கொடுக்க 100, ஜிஎஸ்டி 18, ஆக 118. அந்தச் சான்றைப் பையன் கேட்கவே இல்லை, கையிலும் கொடுக்கவில்லை. பிறகு, நாணயம் மாற்றியதற்கு ஜிஎஸ்டி 45 ரூபாய். எல்லாம் கூட்டினால் 177, 236, 118, 45. மொத்தம் 576. இதில் கூகுள் பிடித்தது எவ்வளவு? ஒரு காசும் இல்லை. அமெரிக்க வரி எவ்வளவு? இந்தக் கணக்கில் அதுவும் இல்லை. யூடியூபில் அமெரிக்கப் பார்வையாளர் மூலம் வந்த பங்குக்கு 2021 ஜூன் முதல் வரி பிடிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதைப் பிடித்தபிறகு மிஞ்சிய தொகைதான் இந்த 118 டாலர்.

அந்த 45 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று பலருக்குத் தெரியாது. நாணயம் மாற்றுவதும் ஒரு சேவை என்று ஜிஎஸ்டி விதி சொல்கிறது. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் ஒரு சதவீதம் சேவையின் மதிப்பு என்று வைத்து, அந்த ஒரு சதவீதத்துக்கு 18 சதவீதம் வரி. ஆனால் அந்தச் சேவை மதிப்பு 250 ரூபாய்க்குக் குறையக்கூடாது. 250க்கு 18 சதவீதம் 45. ஆகவே 25,000 ரூபாய் வரை எவ்வளவு வந்தாலும் இந்த வரி 45 ரூபாய்தான். இது அரசின் வரி, இதில் வங்கியைக் குறை சொல்ல முடியாது.

மீதிதான் பேச்சு. முதலில் விலை. வங்கிகள் தினமும் காலையில் ஒரு விலைப் பட்டியல் வெளியிடும். பாரத ஸ்டேட் வங்கியின் Forex Card Rates பட்டியல் இணையத்தில் எல்லாரும் பார்க்கக் கிடைக்கிறது. அதில் ஒரே டாலருக்குப் பல விலை இருக்கும். கணக்குக்குக் கணக்கு வரும் பணத்தை வாங்கும் விலை `TT BUY` என்ற பத்தியில் இருக்கும். கையில் டாலர் நோட்டைக் கொண்டுபோய் மாற்றினால் தரும் விலை வேறு பத்தியில், அதைவிடக் குறைவாக இருக்கும். நோட்டை எண்ணவேண்டும், கள்ளநோட்டு பார்க்கவேண்டும், பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும், அதனால் குறைவு. உங்களுக்கு வந்தது நோட்டு இல்லை, வெறும் எண். அதற்கு `TT BUY` விலைதான் பொருந்தும். உங்கள் ரூபாய் வரவை டாலரால் வகுத்துப் பாருங்கள், கட்டணத்தைக் கூட்டிக்கொண்டு. வரும் எண்ணை, பணம் மாற்றிய நாளில் உங்கள் வங்கி வெளியிட்ட பட்டியலில் தேடுங்கள். நோட்டு விலைப் பத்தியில் அது இருந்தால், கடிதம் எழுத உங்களிடம் காரணம் இருக்கிறது.

பணம் வந்த நாள் என்று எழுதாமல் மாற்றிய நாள் என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். டாலர் 23ஆம் தேதி வந்தாலும், வங்கி மாற்றியது 3ஆம் தேதி விலையில். அந்தப் பத்து நாளில் டாலர் விழுந்திருந்தால் நஷ்டம் பையனுக்கு. ஏறியிருந்தால் லாபம் அவனுக்குத்தானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அந்தச் சூதாட்டத்தை ஆடச் சொல்லி அவன் யாரையும் கேட்கவில்லையே.

இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 576 ரூபாயில் 177 மட்டும்தான் தொகையைப் பொறுத்து மாறும். மீதி 399 ரூபாய், நூறு டாலர் வந்தாலும் முந்நூறு டாலர் வந்தாலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே மாதாமாதம் சின்னத் தொகையாக வாங்குவதுதான் பெரிய நஷ்டம். பையன் நான்கு மாதம் இப்படி வாங்கினால் 2,304 ரூபாய் போகும். அதே நான்கு மாதப் பணத்தை, 472 டாலரை, ஒரே தடவையாக வாங்கினால்? விலை வித்தியாசம் 708. கட்டணமும் சான்றும் 354. மாற்று ஜிஎஸ்டி ஏறக்குறைய 71. மொத்தம் 1,133. பாதிக்குப் பாதி மிச்சம். கூகுள் பக்கத்தில் பணம் அனுப்பும் வரம்பை 100 டாலருக்கு மேல் நீங்களே உயர்த்தி வைக்கலாம், அல்லது ஒரு தேதி வரை அனுப்பாதே என்று நிறுத்தி வைக்கலாம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். வலைப்பக்க வருமானமும் யூடியூப் வருமானமும் 2022 முதல் தனித்தனிக் கணக்கு, இரண்டுக்கும் தனித்தனி 100 டாலர் வரம்பு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆனால் வீட்டுச் செலவுக்கு மாதாமாதம் அந்தப் பணம் வேண்டும் என்றால் சேர்த்து வைக்க முடியாது. கந்துவட்டிக்கு வாங்கித் தின்றுவிட்டு இங்கே 1,171 ரூபாய் மிச்சம் பிடித்துப் பயனில்லை. அவரவர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

பெரிய தொகை வருகிறவர்களுக்குச் சண்டை வேறு இடத்தில். மாதம் 2,000 டாலர் வரும் ஒருவருக்கு அதே ஒன்றரை ரூபாய் வித்தியாசத்தில் 3,000 ரூபாய் போகிறது. கட்டணம், சான்று, ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்தும் 600 ரூபாய்க்குள்தான். அவர் கட்டணத்தைப் பற்றிப் புலம்பி நேரம் கழிக்கக்கூடாது, விலையைப் பேசவேண்டும். தொகை பெரிதானால் பட்டியல் விலையைவிட நல்ல விலை கேட்கலாம், கொடுக்கும் வங்கிகள் இருக்கின்றன. சின்னத் தொகைக்காரர் எண்ணிக்கையைக் குறைக்கவேண்டும், பெரிய தொகைக்காரர் விலையைக் கேட்கவேண்டும். இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள்தான் அதிகம்.

வங்கியில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் சிலர் இதைப் படித்துக் கோபப்படலாம். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்கிறேன். 118 டாலராக இருந்தாலும் 118 லட்சமாக இருந்தாலும் செய்தியைப் பொருத்திப் பார்க்கும் வேலை ஒன்றுதான். அனுப்பியவர் தடைப் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்க்கவேண்டும், குறியீடு போடவேண்டும், ரிசர்வ் வங்கிக்குக் கணக்கு அனுப்பவேண்டும். அதற்குக் கூலி வாங்குவது திருட்டு இல்லை. 200 ரூபாய் கட்டணத்தின் மீது எனக்குச் சண்டை கிடையாது. டாலரை வாங்கி விற்பதில் லாபம் வைப்பதும் வியாபாரம்தான்.

என் சண்டை மௌனத்தின் மீது. பணம் வந்ததைச் சொல்லாமல் வைத்திருக்கும் மௌனம், என்ன விலையில் வாங்கினோம் என்று சொல்லாத மௌனம், கேட்காத சான்றுக்குக் காசு பிடித்துவிட்டுச் சான்றையும் கொடுக்காத மௌனம். ஒன்றரை ரூபாய் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லி எடுத்தால் பையன் வேறு வங்கியில் விசாரித்துப் பார்ப்பான். சொல்லாமல் எடுப்பதால் அவன் கூகுளைத் திட்டுகிறான். மளிகைக் கடைக்காரர் 576 ரூபாய்க்குச் சாமான் கொடுத்தால் பில் எழுதித் தருகிறார். வங்கி தராது என்றால் எப்படி? கட்டணத்தை எவ்வளவு வைப்பது என்பதை ரிசர்வ் வங்கி வங்கிகளிடமே விட்டிருக்கிறது. ஆனால் கட்டணப் பட்டியலை வாடிக்கையாளர் பார்க்கும்படி வெளியிடவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பட்டியலில் இல்லாதது பிடிக்கப்பட்டிருந்தால் திருப்பிக் கேட்கலாம்.

தாமதத்தைப் பற்றி ரிசர்வ் வங்கிக்கே தெரிந்திருக்கிறது. 2025 அக்டோபரில் அது ஒரு வரைவுச் சுற்றறிக்கை வெளியிட்டது. வெளிநாட்டுப் பணம் பற்றிய செய்தி வந்தவுடன் வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கவேண்டும், நாஸ்ட்ரோ வரவுகளை அரைமணி நேரத்துக்கு மிகாத இடைவெளியில் சரிபார்க்கவேண்டும், அந்நியச் செலாவணிச் சந்தை நேரத்துக்குள் வந்த பணத்தை அன்றைக்கே வரவு வைக்க முயலவேண்டும் என்று அந்த வரைவு சொன்னது. நான் இங்கே கேட்பது பேராசை இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஊரில் சொல்லும் குறுக்கு வழி ஒன்றையும் கண்டித்துவிடுகிறேன். "பெங்களூருல மாமாவுக்குப் பெரிய பேங்க்ல அக்கவுன்ட் இருக்கு, அவர் நம்பரைப் போட்டுக்கோ" என்கிறார்கள். அத்திப்பள்ளி தாண்டினால் வங்கி வேகமாகிவிடாது. கூகுள் கணக்கில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் பணம் திரும்பிப் போகலாம். திரும்பாமல் ஏறிவிட்டால் இன்னும் மோசம். அது மாமாவின் வருமானமாகப் பதிவாகிறது, வரி நோட்டீசு வந்தால் மாமாவுக்கு வரும், குடும்பத்தில் சண்டையும் வரும். கர்நாடகத்தில் கணக்கு வைத்திருந்தால் குற்றமில்லை, ஆனால் அது உங்கள் பெயரில் இருக்கட்டும். ஓசூர்க் கிளைக்கு ஸ்விஃப்ட் குறியீடு இல்லையென்றாலும் பயப்படவேண்டாம். அதே வங்கியின் வேறு பெரிய கிளையின் குறியீட்டைக் கொடுப்பது வழக்கம்தான், கணக்கு எண் சரியாக இருந்தால் பணம் உங்களிடம்தான் வரும். எந்தக் குறியீட்டைப் போடுவது என்பதை மட்டும் இணையத்தில் தேடிப் போடாமல், கிளையில் எழுத்தில் வாங்கிப் போடுங்கள்.

அடுத்த மாதம் பணம் வந்ததும் என் மாணவர்கள் ஒவ்வொருவரும் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நீளம் வேண்டாம், நான்கு கேள்வி போதும். எத்தனை டாலர் வந்தது? எந்தத் தேதியில் வங்கியின் கணக்கில் வரவானது? எந்தத் தேதியில், என்ன விலையில் ரூபாயாக மாற்றப்பட்டது? என்னென்ன கட்டணம், வரி பிடிக்கப்பட்டது? நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லாவிட்டாலோ cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். 2021 நவம்பரில் ஒருங்கிணைந்த ஒரே திட்டமாக அதை மாற்றினார்கள். கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். கையில் முத்திரை போட்ட நகல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அந்த மாணவனுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சான்றுக்குப் பிடித்த 118 ரூபாயைத் திருப்பி வரவு வைத்துவிட்டார்கள். விலை வித்தியாசம் திரும்பவில்லை, திரும்பும் என்று நானும் சொல்லவில்லை. மின்னஞ்சலை மாற்றி, நிலையான உத்தரவும் எழுதிக் கொடுத்திருக்கிறான். அதன்பிறகு வந்த பணம் கூகுள் அனுப்பிய மூன்றாம் நாள் ஏறிவிட்டது. அதே வங்கி, அதே கிளை, அதே மேசை. அவன் கேட்ட கேள்வி மட்டும் மாறியிருந்தது.

118 ரூபாய்க்கு இத்தனை பாடா என்று உறவினர் ஒருவர் கேட்டார். ராத்திரி யானைக் காவலில் விழித்துக்கொண்டு எடுத்த வீடியோவில் வந்த காசு அது. எவ்வளவு போயிற்று என்பதைவிட, எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியாமல் போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடிதம் எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்படாமல் வீட்டுக்கு வாருங்கள், எழுதித் தருகிறேன். உங்களுக்கு என்ன விலை போட்டார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்று கீழே எழுதுங்கள். வங்கியின் பெயரோ கணக்கு எண்ணோ வேண்டாம், டாலரும் ரூபாயும் தேதியும் போதும். பத்துப் பேர் எழுதினால் யாருக்கு எங்கே குறைகிறது என்று நமக்கே தெரிந்துவிடும்.